ஒரே கட்ஆஃப், ரேங்க்கில் 250 இடம் வித்தியாசம்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி:

என் மகள் பிளஸ் 2 முடித்துவிட்டு பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். கணிதம் 96, இயற்பியல் 93, வேதியியல் 98, கணினி அறிவியல் 100. கட்ஆஃப் 191.5. மொத்தம் 579. அவளுடன் படித்த தோழிக்கும் கட்ஆஃப் 191.5தான், கணிதத்திலும் அதே 96. ஆனால் மொத்தம் 561தான். அந்தப் பெண்ணுக்கு எங்களைவிட 250 இடம் முன்னால் ரேங்க் வந்திருக்கிறது. அவள் என் மகளைவிட மூன்று மாதம் மூத்தவள், அதனால்தான் என்று விண்ணப்பம் போட்டுக் கொடுத்த பிரவுசிங் சென்டரில் சொன்னார்கள். ரேண்டம் எண்ணும் எங்களுக்குச் சிறியதாக வந்துவிட்டது. சின்ன வயதில் படித்து முடித்தது ஒரு குற்றமா? 18 மார்க் கூட எடுத்தவள் எப்படிப் பின்னால் போவாள்? எங்கே புகார் கொடுப்பது? கோர்ட்டுக்குப் போனால் நிற்குமா?

— நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்:

வணக்கம் அம்மா. முதலில் பிரவுசிங் சென்டரில் சொன்னதைத் திருத்திவிடுகிறேன். உங்கள் மகள் பின்னால் போனதற்கு வயது காரணம் இல்லை. ரேண்டம் எண்ணும் காரணம் இல்லை. இந்த இரண்டும் உங்கள் மகள் விஷயத்தில் பார்க்கப்படவே இல்லை. அதற்கு முன்பே, இயற்பியல் மார்க்கில் கதை முடிந்துவிட்டது. தோழியின் இயற்பியல் மதிப்பெண்ணை நீங்கள் எழுதவில்லை. ஆனால் அது 93ஐவிடக் கூடுதலாக இருந்திருக்கும் என்று இங்கிருந்தே என்னால் சொல்ல முடியும். எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கட்ஆஃப் என்பது கணிதம் முழுதாக, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. 96, 46.5, 49 மூன்றையும் கூட்டினால் 191.5. தமிழ், ஆங்கிலம், கணினி அறிவியல் மூன்றும் இந்தக் கணக்குக்குள் வராது. நீங்கள் சொல்லும் அந்த 18 மார்க் வித்தியாசம் முழுவதும் இந்த மூன்று பாடங்களில்தான் இருக்கிறது. கட்ஆஃபும் கணிதமும் சமம் என்றால், இயற்பியலையும் வேதியியலையும் கூட்டி வரும் தொகை இருவருக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு 93, 98 சேர்த்து 191. தோழிக்கும் 191தான். அது 97, 94 ஆக இருக்கலாம், 95, 96 ஆகவும் இருக்கலாம். எப்படிப் பிரிந்தது என்பதில்தான் ரேங்க் நிற்கிறது.

சமமானால் என்ன பார்ப்பார்கள்

கட்ஆஃப் ஒன்றாக இருப்பவர்களில் முதலில் கணித மதிப்பெண் கூடுதலாக உள்ளவர் முன்னால் வருவார். கணிதமும் ஒன்றானால் இயற்பியல். அதுவும் ஒன்றானால் நான்காவது பாடம். உங்கள் மகளுக்கு அது கணினி அறிவியல், உயிரியல் எடுத்தவர்களுக்கு உயிரியல். அதற்குக் கீழே வேறு மதிப்பெண்களைச் சேர்ப்பதும் விடுவதும் அந்தந்த ஆண்டுத் தகவல் கையேட்டைப் பொறுத்தது. எல்லா மதிப்பெண்ணும் பார்த்து முடித்து, அப்போதும் சமமாக இருந்தால்தான் பிறந்த தேதி, மூத்தவருக்கு முன்னுரிமை. பிறந்த தேதியும் ஒன்று என்றால் கடைசியாக ரேண்டம் எண், அதாவது சமவாய்ப்பு எண். பெரிய எண் உள்ளவர் முன்னால்.

இது ஏணி மாதிரி. ஒரு படியில் முடிவு வந்துவிட்டால் அடுத்த படிக்கு இறங்க மாட்டார்கள். இயற்பியலும் சமமாகி, நான்காவது பாடத்தில் தோழியும் 100 வாங்கியிருந்தால்தான் வயது வரைக்கும் பேச்சு போயிருக்கும், ஆனால் இத்தனையும் ஒத்துப்போகிறவர்கள் சிலர்தான், அங்கே 250 இடம் இடைவெளி வராது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் மகளும் தோழியும் இரண்டாவது படியிலேயே பிரிந்துவிட்டார்கள். கணினியில் 100 வாங்கியது மூன்றாவது படியில் இருந்தது, அங்கே போய்ச் சேரவே இல்லை.

இந்த வரிசையில் வேதியியல் ஏன் இல்லை என்று என்னிடம் கேட்காத பெற்றோர் குறைவு. வேதியியலை ஒதுக்கிவிட்டார்கள் என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் எளிது. கட்ஆஃப் சமம், கணிதம் சமம், இயற்பியலும் சமம் என்றால் வேதியியல் தானாகவே சமமாகிவிடும். தனியாகப் பார்க்க அங்கே ஒன்றுமே மிச்சம் இல்லை. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது உங்கள் மகளுக்கு நேர்ந்தது. கட்ஆஃபும் கணிதமும் ஒன்றாக இருக்கும்போது, வேதியியலில் ஒருவர் எத்தனை மார்க் கூடுதலோ, இயற்பியலில் அத்தனை மார்க் குறைவாகத்தான் இருப்பார். அதனால் வேதியியலில் நன்றாகச் செய்த பிள்ளை இந்த இடத்தில் எப்போதும் பின்னால்தான் போகும். வேதியியலில் 98 எடுத்ததில் எந்தத் தப்பும் இல்லை. அந்த 98தான் அவளை 191.5க்கே கொண்டுவந்தது. சமமானவர்களைப் பிரித்து வரிசைப்படுத்தும் இந்தச் சமன் உடைப்பில் மட்டும் அது கைகொடுக்காது.

இதே 191.5இல் இன்னொரு பையனை நினைத்துப் பாருங்கள். கணிதம் 98, இயற்பியல் 92, வேதியியல் 95. கூட்டிப் பார்த்தால் 98, 46, 47.5, அதே 191.5. இயற்பியலில் உங்கள் மகளைவிட ஒன்று குறைவு, வேதியியலில் மூன்று குறைவு. ஆனாலும் அவன் உங்கள் மகளையும் தாண்டி, தோழியையும் தாண்டி நிற்பான். முதல் படியிலேயே கணிதத்தில் ஜெயித்துவிட்டான்.

ஒரே கட்ஆஃபில் இத்தனை பேர் ஏன்

உங்களுக்கு உறுத்துவது 250 என்ற எண். அது பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. 2018 மார்ச் வரை பிளஸ் 2வில் ஒரு பாடத்துக்கு 200 மார்க், மொத்தம் 1200. அப்போது கணிதத்தில் பாதியும் மற்ற இரண்டில் கால் பங்கும் எடுப்பார்கள். அதனால் கட்ஆஃப் 191, 191.25, 191.5, 191.75 என்று கால் கால் மார்க்காக ஏறும். 2019 மார்ச்சிலிருந்து ஒரு பாடத்துக்கு 100 மார்க் ஆனதும் அது அரை அரையாக ஏற ஆரம்பித்தது. 191க்கும் 192க்கும் நடுவில் 191.5 மட்டும்தான். முன்பு நான்கு வரிசையில் நின்ற கூட்டம் இப்போது இரண்டு வரிசையில் நிற்கிறது. நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில், 2006 வரைக்கும், அதன் 100 மார்க்கும் சேர்ந்து கட்ஆஃப் 300க்கு வரும். அப்போது சமன் இன்னும் குறைவு. இப்போது ஒரு கட்ஆஃபுக்குள் பல நூறு பேர் இருப்பது சாதாரணம். அந்தக் கூட்டத்துக்குள் இயற்பியலில் சில மார்க் வித்தியாசம் 250 இடமாக விரிகிறது, அவ்வளவுதான்.

வயது பார்ப்பது நியாயமா

உங்கள் மகளுக்கு இது பொருந்தாது என்றாலும், நீங்கள் கேட்டதற்குச் சொல்கிறேன். எல்லா மதிப்பெண்ணும் ஒன்றாக இருக்கும் இரண்டு பேரில் ஒருவரை முன்னால் வைத்தே ஆக வேண்டும். ஒரு சீட்டுக்கு இரண்டு பேர் என்றால் வேறு வழி இல்லை. மூத்தவர் முதலில் என்பது பழைய வழக்கம். அதில் படிப்புக்குச் சம்பந்தமான நியாயம் பெரிதாக இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு: யாரும் அதைப் போட்டியிட்டு மாற்ற முடியாது. 2022இல் பொது நுழைவுத் தேர்வுக்கு மாறியபோது டெல்லிப் பல்கலைக்கழகம் வைத்த விதியைப் பார்த்தால் இது பரவாயில்லை என்று தோன்றும். அங்கே அப்போது நுழைவுத் தேர்வு மதிப்பெண் சமமானால் பிளஸ் 2வில் சிறந்த மூன்று பாடம், பிறகு நான்கு, பிறகு ஐந்து, அப்புறம் வயது, அதுவும் சமமானால் பெயரின் ஆங்கில அகரவரிசை. யாழினி என்று பெயர் வைத்த அப்பா அம்மா அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ரேண்டம் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோருக்கும் 10 இலக்க எண் கொடுப்பதால் எல்லோரும் அதைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். ஆனால் கட்ஆஃப், கணிதம், இயற்பியல், நான்காவது பாடம், பிறந்த தேதி எல்லாமே ஒத்துப்போகும் இரண்டு பேர் இருந்தால்தான் அது வேலை செய்யும். சிறிய எண் வந்துவிட்டதே என்று ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

புகார் கொடுப்பது எதற்கு, எதற்கு இல்லை

விதி சரியில்லை என்பது வேறு, விதியை உங்கள் மகளுக்குத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்பது வேறு. முதலாவதைப் பொறுத்தவரை நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் இது பரவலாகத் தெரிந்த நிலைதான்: விண்ணப்பத்துக்கு முன்பே வெளியிட்ட விதியை ஏற்று, அதன்படி விண்ணப்பித்து, முடிவு வந்த பிறகு விதியே தவறு என்று போனால் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. அதிலும் உங்கள் வழக்கு வயதைப் பற்றியது என்று எழுதிக் கொடுத்தால், முதல் கேள்வியிலேயே இயற்பியல் மார்க்கைக் காட்டி முடித்துவிடுவார்கள். அந்தச் செலவு வேண்டாம்.

இரண்டாவது விஷயத்தைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். ரேங்க் பட்டியல் வந்ததும் குறை தெரிவிக்கச் சில நாள் மட்டும் அவகாசம் தருவார்கள். அந்த நாட்களுக்குள் உங்கள் பக்கத்துக் கலந்தாய்வுச் சேவை மையத்துக்குச் சான்றிதழ்களோடு போக வேண்டும்.

இதில் நான் சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தபோது பார்த்த ஒரு சம்பவம். சி.பி.எஸ்.இ. படித்த ஒரு பையன். இயற்பியல் 95, வேதியியல் 88. விண்ணப்பத்தில் இரண்டும் இடம் மாறிப் பதிவாகிவிட்டது: இயற்பியல் 88, வேதியியல் 95. இதில் மாட்டிக்கொள்வது சுலபம், ஏனென்றால் எப்படி மாற்றிப் போட்டாலும் கட்ஆஃப் அதேதான் வரும். வீட்டில் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார்கள், சரியாக வந்தது. மையத்தில் பார்த்தோம், எங்களுக்கும் சரியாக வந்தது. வித்தியாசம் வந்தது ரேங்க்கில் மட்டும். அவனோடு ஒரே கட்ஆஃபும் ஒரே கணித மார்க்கும் வாங்கியவர்களில் அவன் அடியில் போய் நின்றான். குறைதீர் அவகாசத்தின் கடைசி நாள் மாலை, அவனுடைய அப்பா அச்செடுத்த விண்ணப்பத்தையும் மதிப்பெண் பட்டியலையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்தவர் இயற்பியல் வரியில் நின்றார். திருத்தினோம், ரேங்க் ஏறியது. அடுத்த நாள் வந்திருந்தால் முடிந்திருக்காது.

அதனால் நீங்களும் அதையே செய்யுங்கள். www.tneaonline.org இல் மகளின் கணக்கைத் திறந்து, பதிவாகியுள்ள மதிப்பெண்களை மதிப்பெண் பட்டியலோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். கட்ஆஃப் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். இயற்பியல் 93 என்பது இயற்பியல் இடத்தில்தான் இருக்கிறதா, நான்காவது பாடம் கணினி அறிவியல் 100 என்று வந்திருக்கிறதா, பிறந்த தேதி, சாதிப் பிரிவு சரியா என்று பாருங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்திருந்தால் தேர்வுத்துறையிலிருந்தே மதிப்பெண் வந்துவிடும், தப்பு வருவது அரிது. ஆனாலும் பாருங்கள்.

இயற்பியலுக்கு மறுமதிப்பீடு கேட்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. கேட்டிருந்து ஒரே ஒரு மார்க் கூடியிருந்தாலும் அதை உடனே மையத்தில் காட்டுங்கள். 93 என்பது 94 ஆனால் கட்ஆஃப் 192. அப்போது இந்த 191.5 கூட்டத்தையே, தோழி, கணிதத்தில் 98 வாங்கிய பையன் எல்லோரையும் சேர்த்து, ஒரே எட்டில் தாண்டிவிடுவாள். கேட்காமல் இருந்தால் அதை இப்போது நினைத்து வருந்துவதில் பயன் இல்லை, அந்தக் கெடு முடிந்திருக்கும்.

250 இடம் நிஜமாக எதை மாற்றும்

நீங்கள் பார்த்தது பொது ரேங்க். அதற்குப் பக்கத்திலேயே சாதிப் பிரிவுக்கான ரேங்க் ஒன்று இருக்கும். பொதுப் பிரிவின் 31 சதவீத இடங்களுக்குப் பொது ரேங்க் பார்ப்பார்கள், பிற்படுத்தப்பட்டோருக்கான 26.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 என்று ஒவ்வொரு பிரிவின் இடங்களுக்கும் அந்தப் பிரிவு ரேங்க். பொது ரேங்க்கில் முன்னால் இருக்கும் 250 பேரில் பலர் வேறு பிரிவைச் சேர்ந்தவர்கள். பிரிவு ரேங்க்கில் அந்த இடைவெளி இதைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவளாக இருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டின் ரேங்க் தனி. அதையும் மறக்காமல் பாருங்கள்.

சமன் உடைப்பு உண்மையில் கடிக்கும் இடம் வேறு. சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு எந்த கட்ஆஃபில் முடிந்தது என்ற பட்டியலை வைத்துக்கொண்டுதான் எல்லோரும் விருப்பப் பட்டியல் தயாரிக்கிறார்கள். அதில் ஒரு கல்லூரிக்கு 191.5 என்று போட்டிருந்தால், நமக்கும் 191.5, கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். 191.5இல் முடிந்தது என்றால், கடைசியாகச் சேர்ந்தவருக்கு 191.5 இருந்தது என்றுதான் பொருள். அவருக்குப் பின்னால் அதே 191.5இல் எத்தனை பேர் இடம் கிடைக்காமல் நின்றார்கள் என்று அந்தப் பட்டியல் சொல்லாது. உங்கள் மகள் 191.5 கூட்டத்தில் எந்த இடத்தில் இருக்கிறாள் என்பது அவளுடைய ரேங்க்கில் இருக்கிறது. அதனால் கட்ஆஃபை மூடி வைத்துவிட்டு, சென்ற ஆண்டின் கடைசி ரேங்க்கை எடுத்து ஒப்பிடுங்கள். கட்ஆஃபை மட்டும்தான் பார்க்க முடிகிறது என்றால், 191.5இல் முடிந்த இடத்தைச் சந்தேகம் என்று வையுங்கள், 191இல் முடிந்ததை ஓரளவு நம்பலாம். அதுவும் சென்ற ஆண்டுக் கணக்கு, இந்த ஆண்டு மதிப்பெண்கள் எப்படி வந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும்.

சந்தேகம் என்பதற்காகப் பட்டியலில் போடாமல் விட்டுவிடவும் வேண்டாம். இடம் ஒதுக்கும்போது ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்து, அவர்கள் எழுதிய விருப்பங்களை மேலிருந்து கீழே பார்த்து, முதலில் காலியாக இருப்பதைக் கொடுப்பார்கள். எட்டாத ஒன்றை முதலில் எழுதியதால் கீழே உள்ளது கைநழுவிப் போகாது. ஆகவே உங்கள் மகள் மிகவும் ஆசைப்படுவதை முதலில் எழுதட்டும், 192.5இல் முடிந்த கல்லூரியாக இருந்தாலும் சரி. அதற்குக் கீழே 191.5, அதற்கும் கீழே 191, 190, 189 என்று நன்றாக இறங்கி வரட்டும். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் எழுதலாம். நான் பார்த்தவரை இடம் இல்லாமல் போனவர்கள் பெரும்பாலும் ஐந்தாறு கல்லூரியோடு நிறுத்திக்கொண்டவர்கள்தான்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், கிடைத்ததை ஏற்றுக்கொண்டு அதற்கு மேலே எழுதிய விருப்பத்துக்கும் காத்திருப்பதாகச் சொல்ல ஒரு வழி இருக்கும். 250 இடம் தள்ளிப் போனதன் இழப்பை ஓரளவு ஈடு செய்வது இங்கேதான்: முன்னால் இருப்பவர்களில் சிலர் இடத்தை விட்டுப் போவார்கள், அவர்கள் விட்ட இடங்கள் வரிசைப்படி கீழே வரும். ஆனால் அந்த ஒப்புதலைக் கொடுத்த கெடுவுக்குள் போட்டாக வேண்டும். போடாவிட்டால் கையில் இருக்கும் இடமும் போய்விடும். விண்ணப்பத்தில் பிரவுசிங் சென்டர்க்காரர் தன்னுடைய மொபைல் எண்ணைக் கொடுத்திருக்கிறாரா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஓ.டி.பி. அவருடைய போனுக்குத்தான் போகும் என்றால், சேவை மையத்துக்குப் போகும்போது அதையும் மாற்றிக்கொண்டு வாருங்கள்.